மூடி போட்ட பள்ளத்தாக்கு

"குளிர்காலம்னா புகை தங்கத்தான் செய்யும், வானிலையை யார் என்ன பண்ண முடியும்?" மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர்களில் காற்று மாசு பற்றிப் பேச்செடுத்தால் வரும் பதில் இது. பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியணும்னா அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியைப் பாருங்க.

கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர், மேற்கே ஓக்கர் மலைத்தொடர், நடுவில் கிண்ணத்தின் அடி மாதிரி ஊர். சாதாரண நாளில் தரையருகே சூடாகும் காற்று மேலே ஏறும்போது புகையையும் தூக்கிட்டுப் போயிடும். ஜனவரியில் அது நடக்காது. மேகமில்லாத நீண்ட இரவில் பனி மூடிய தரை வெப்பத்தை வேகமாக இழக்கும். அதைத் தொட்ட காற்று குளிர்ந்து கனமாகும். மலைச்சரிவிலிருந்தும் குளிர் காற்று வழிந்து வந்து தேங்கும். மேலே உயர் அழுத்தம் நிலைத்துவிட்டால், அங்கே கீழிறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும். கனமான குளிர் காற்றின் மேல் லேசான சூடான காற்று, ஒரு மூடி மாதிரி. இதுதான் இன்வெர்ஷன். பகல் வெயிலையும் பனி பெருமளவு திருப்பி அனுப்பிடும். அதனால் பலமான காற்றோடு அடுத்த புயல் வரும்வரை மூடி திறக்காது.

ஒரு சின்னக் கணக்கு. புகை கலக்கும் உயரம் 1500 மீட்டரிலிருந்து 300 மீட்டராகக் குறைந்தது என்று வைப்போம். ஒரு வண்டிகூடக் கூடவில்லை, ஆனால் அதே புகை ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் அடைபடுது. செறிவு 5 மடங்கு. நாளைய புகை இதன் மேலேயே சேரும்.

இன்னொரு சிக்கல், அங்கே மூச்சில் போகும் நுண்துகளில் பெரும்பங்கு நேரடியாகக் குழாயிலிருந்து வருவதில்லை. வண்டிகளும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றில் நைட்ரிக் அமிலமாகி, அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் துகளாகுது. குளிர் அதற்குத் தோதான சூழல். கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை மட்டும் அடக்கினால் போதாதுன்னு சொல்வது இதனால்தான்.

அப்போ என் கருத்து என்ன? மாசு அளவு எகிறின பிறகு எச்சரிக்கை விடுவது லேட். அடைபட்ட புகையை வெளியே எடுக்க வழியே கிடையாது. ஆனால் மூடி விழப்போவது முன்கூட்டியே தெரியும். சால்ட் லேக் சிட்டியில் தினமும் இரண்டு முறை வானிலை பலூன் விடுறாங்க. உயரம் கூடக் கூட வெப்பநிலையும் கூடுதுன்னு அது காட்டினால் மூடி விழுந்தாச்சு. உயர் அழுத்தம் வருவதை வானிலைக் கணிப்பு அதற்கும் சில நாள் முன்பே சொல்லிடும். அந்தக் கணிப்பை வைத்து யூட்டா மாநிலம் விறகு எரிப்பதற்குத் தடை போடுது. நல்ல தொடக்கம், ஆனால் வாகனம் ஓட்டுவதைக் குறைக்கச் சொல்வது அங்கே பெரும்பாலும் வேண்டுகோளாகவே நிற்குது. நைட்ரஜன் ஆக்சைடு அதிகம் வருவதே வண்டிகளில் இருந்துதான். முதல் நாளே வண்டிகளைக் குறைத்தால்தான் நான்காம் நாள் மூச்சு விட முடியும்.