எல்லா வரிக்கும் ஒரே சீட்டு வேண்டும்

பொட்டிபுரம் என்றதும் செய்தித்தாள் வாசகருக்கு நியூட்ரினோ ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த நாள் முதல் அந்த ஊரின் பெயர் மலையைக் குடைவது பற்றிய சண்டையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே வீடு வைத்திருப்பவர்களின் அன்றாடக் கவலை மிகச் சிறியது. வீட்டு வரி ஊராட்சிக்கு, கடை வரி போடி நகராட்சிக்கு, மனைக்கட்டு வரி பேரூராட்சிக்கு, தண்ணீர்க் கட்டணம் தனியாக. எதை, எப்போது, எந்த எண்ணில் கட்டினோம் என்பதை யாரும் ஒரே இடத்தில் காட்டுவதில்லை. இதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பை அரசு முழுக்க முழுக்கச் சொத்துக்காரர் தலையில் போட்டிருக்கிறது. அது மாற வேண்டும்.

பல சொத்து வைத்திருப்பவருக்கு என்ன பரிதாபம் என்று கேட்கலாம். எஸ்டேட் முதலாளிகளுக்குக் கணக்கப்பிள்ளை இருக்கிறார். அவர்களுக்காக இதை எழுதவில்லை. போடிச் சரிவில் ‘பல சொத்து’ என்பது பெரும்பாலும் வேறு மாதிரி. ஊரில் மாமனார் விட்டுப்போன ஓட்டு வீடு, போடியில் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய கட்டடம், பிள்ளை கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்ட மனை. மூன்றையும் சேர்த்தாலும் பெரிய பணக்காரர் ஆகிவிட முடியாது. ஆனால் மூன்று உள்ளாட்சிகளின் வரிதாரர் ஆகிவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் தொகையும் உதாரணத்துக்கு மட்டும். கணவரை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குப் பொட்டிபுரத்தில் ஒரு வீடு, போடியில் கடைக் கட்டடம், மேலச்சொக்கநாதபுரம் பேரூராட்சியில் ஒரு காலிமனை. சொத்து மூன்றுதான். ஆனால் போடிக் கட்டடத்தில் கீழ்த்தளக் கடைக்கு ஒரு வரிவிதிப்பு எண், மேல்தள வீட்டுக்கு இன்னொன்று. கடைக்கு அரையாண்டு வரி 5,200 ரூபாய், வீட்டுக்கு 1,800, காலிமனை வரி 400. ஊராட்சி வீட்டு வரி தனி. குடிநீர் இணைப்பு போடியில் ஒன்று, பொட்டிபுரத்தில் ஒன்று. ஆக மூன்று சொத்துக்கு ஆறு எண்கள், ஆறு கணக்குகள்.

சென்னையில் இருக்கும் மகன் tnurbanepay.tn.gov.in தளத்தில் கட்டுகிறான். பழைய ரசீதில் இருந்த எண்ணைப் போடுகிறான். அது மேல்தள வீட்டின் எண். 1,800 கட்டியதும் நிலுவை பூஜ்யம் என்று திரை காட்டுகிறது. “கட்டியாச்சும்மா, ஒண்ணும் பாக்கி இல்லன்னு காட்டுது.” அம்மாவும் நிம்மதியாகிவிடுகிறார். ஒரே கதவு எண், ஒரே பெயர். இன்னொரு எண் இருப்பதை நினைவூட்ட அந்தத் திரையில் ஒரு வரி இல்லை. கடையின் 5,200 அப்படியே நிற்கிறது.

இதில் இழப்பு என்ன? தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி இரண்டு அரையாண்டுகளாகக் கணக்கிடப்படுகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. ஒவ்வோர் அரையாண்டும் தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்கும் அக்டோபர் 31க்கும் முன்பாகக் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீத வட்டி. கடை வரியில் போன ஊக்கத்தொகை 260 ரூபாய். வட்டிக் கணக்கில் ஆறு மாதம் ஏறினால் 312. மொத்தம் 572.

இந்தத் தொகைக்காக யாரும் தலையங்கம் எழுத மாட்டார்கள். நோவு பின்னால் வருகிறது. அடுத்த முறை சரியான எண்ணில் பணம் கட்டினாலும் அது முதலில் பழைய பாக்கிக்குப் போகும். நடப்பு அரையாண்டு மறுபடியும் பாக்கியாக நிற்கும். கட்டிய பிறகும் நிலுவைக் கட்டத்தில் ஏதோ ஒரு தொகை தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று அறியலாம். கடையை விற்கவோ, அடமானம் வைக்கவோ, பிள்ளை பெயருக்கு மாற்றவோ போகும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. அன்றைக்கு வங்கியும் அலுவலகமும் கேட்பது நடப்பு ரசீதை.

தண்ணீர்க் கட்டணத்தின் கதை இன்னும் சிக்கல். சொத்து வரி கட்டடத்தைப் பின்தொடர்கிறது. குடிநீர்க் கட்டணம் இணைப்பைப் பின்தொடர்கிறது. வரி மனைவி பெயருக்கு மாறியிருக்கும், இணைப்பு இறந்துபோன கணவர் பெயரிலேயே இருக்கும். குடியிருப்பவர் கட்டுவதாகப் பேச்சு. ரசீது அவர் அலமாரியில். அவர் காலி செய்துகொண்டு போனால் ரசீதும் போய்விடும், பாக்கி மட்டும் வீட்டில் தங்கிவிடும். ஊராட்சியில் தண்ணீர்க் கட்டணம் சிறு தொகை என்பதால் மாதாமாதம் யாரும் போய்க் கட்டுவதில்லை. சேர்ந்த பிறகு ஒரே மூச்சில் கேட்கும்போது தகராறு.

காலக்கெடு எந்தப் பருவத்தில் விழுகிறது என்பதையும் சென்னையில் இருந்து விதி எழுதுபவர்கள் பார்ப்பதில்லை. ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடுபிடித்துத் தை, மாசி வரை போகும். அக்டோபர் கெடுவின்போது கையில் காசு இருக்கும், ஆள் மலையில் இருப்பார். ஏப்ரல் கெடுவின்போது ஆள் ஊரில் இருப்பார், காய் இருக்காது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், சாந்தன்பாறையிலோ பூப்பாறையிலோ தோட்டம் இருந்தால் நில வரி கேரளத்து வில்லேஜ் ஆபீஸுக்கு, தோட்ட வீட்டின் கட்டட வரி அங்குள்ள ஊராட்சிக்கு. அது வேறு மாநிலம், வேறு விதி. அதைத் தமிழக அரசு தீர்க்க முடியாது. இந்தப் பக்கத்துக் கணக்கையாவது தீர்க்கலாம்.

அரசு வீட்டுக்காரரிடம் கூடுதலாகக் கேட்கத் தயங்கவில்லை. 2022 ஏப்ரலில் சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று சொத்து வரி உயர்ந்தது. கடைகளுக்கு 100 சதவீதம். 15வது நிதிக்குழுவின் மானியத்தைப் பெற வரி வருவாய் வளர வேண்டும் என்ற நிபந்தனை அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் வசூல் வளர வேண்டும் என்று விரும்பும் அரசு, கட்டத் தயாராக இருப்பவருக்கு ‘இன்னும் மூன்று எண் பாக்கி’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பாமல் இருப்பதில் என்ன நியாயம்?

இது முடியாத காரியமும் இல்லை. தமிழ்நாடு மின்வாரியத் தளத்தில் ஒருவர் தன் உள்நுழைவின் கீழ் பல மின் இணைப்பு எண்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டணமும் கடைசி நாளும் கைப்பேசிக்கு வரும். ஊர் எதுவானாலும் திரை ஒன்றுதான். உள்ளாட்சியில் மட்டும் நகராட்சிக்கு ஒரு தளம், ஊராட்சிக்கு vptax.tnrd.tn.gov.in என்று இன்னொன்று. பொட்டிபுரத்துக்கும் போடிக்கும் நடுவே பஸ் ஓடுகிறது. இந்த இரண்டு தளங்களுக்கும் நடுவே எதுவும் ஓடவில்லை.

இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, ஒருவரின் எல்லாச் சொத்தையும் ஒரே திரையில் காட்டுவது ஆபத்து, யாரும் பார்த்துவிடுவார்கள் என்பது. பெயரைத் தட்டினால் சொத்துப் பட்டியல் வரும்படி செய்தால் அந்த அச்சம் சரிதான். தேனி மாவட்டத்தில் ஒரே பெயரில் எத்தனை பேர் என்றே குழம்பிவிடும். நாம் கேட்பது அதை அல்ல. உரிமையாளரே தன் வரிவிதிப்பு எண்களையும் குடிநீர் இணைப்பு எண்களையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பதிவில் உள்ள கைப்பேசிக்கு வரும் ஓடிபி கொடுத்தால் மட்டும் சேர வேண்டும். சேர்க்காதவர் இன்றுபோலவே இருக்கலாம். இரண்டு, கைப்பேசி எண்ணே பதிவில் இல்லை, இருந்தாலும் பழையது என்பது. இது உண்மையான சிக்கல். ஆனால் நகராட்சி வரிவசூலரும் ஊராட்சிச் செயலரும் வீடு வீடாகப் போகிறவர்கள்தான். ரசீது போடும்போதே எண்ணைத் திருத்திக்கொள்ளலாம்.

அரசு செய்யும் வரை சொத்துக்காரர் சும்மா இருக்க முடியாது. ஒரு நீள நோட்டு போதும், கைப்பேசியில் எக்ஸெல் வைத்திருந்தால் இன்னும் நல்லது. பலரும் ‘போடி வீடு’ என்று ஒரு பக்கம், ‘ஊர் வீடு’ என்று ஒரு பக்கம் போடுகிறார்கள். ஆசிரியையின் மகன் சறுக்கியது அங்கேதான். ஓர் எண்ணுக்கு ஒரு வரிசை போடுங்கள். அந்த ஆசிரியைக்கு ஆறு வரிசை. ஒவ்வொன்றிலும் எந்த உள்ளாட்சி, என்ன எண், யார் பெயரில் இருக்கிறது, ஊக்கத்தொகைக்கான கடைசி நாள், கட்டிய தேதி, ரசீது எண், அதைக் கட்டியது யார். கடைசிக் கெடுவை எழுதுவதைவிட ஊக்கத்தொகைக் கெடுவை எழுதுவதே மேல்; அதைப் பிடித்தால் மற்றது தானாகப் பிடிபடும். போன ஆண்டுத் தொகையைப் பார்த்து எழுதாதீர்கள். வரி உயர்ந்திருக்கலாம், ஏப்ரலிலும் அக்டோபரிலும் தளத்தைத் திறந்து அன்றைய தொகையைப் பாருங்கள். பணம் போய் ரசீது வராவிட்டால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். மறுநாள் அதே எண்ணில் நிலுவை குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏலக்காய்க் காசை நம்பியிருப்பவர் மாசியில் கடைசிக் காய் விற்ற பணத்திலேயே ஏப்ரல் வரியை எடுத்து வைத்துவிடுவது உத்தமம்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. நகராட்சி நிர்வாகம், பேரூராட்சிகள், ஊரக வளர்ச்சி ஆகிய துறைகளின் வரிக் கணக்குகள் ஒரே உள்நுழைவில் தெரிய வேண்டும். ஏப்ரல் 1, அக்டோபர் 1 அன்று தொகையோடும், ஊக்கத்தொகை முடிய பத்து நாள் இருக்கும்போது இன்னொரு முறையும், தமிழில் குறுஞ்செய்தி வர வேண்டும். ஒரே கதவு எண்ணில் வேறு வரிவிதிப்போ குடிநீர் இணைப்போ இருந்தால் ரசீதின் அடியிலேயே அது அச்சாக வேண்டும். மூன்றாவதற்குப் புதிய தளம்கூடத் தேவையில்லை. தகவல் நகராட்சியின் கணினியிலேயே இருக்கிறது. அடுத்த அரையாண்டு ரசீதிலேயே அதைத் தொடங்கலாம்.