தாவரவியல் பட்டத்திலிருந்து செடியை எடுக்கலாமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். பிள்ளைகளைத் தாவரவியல் பட்டப்படிப்பில் சேர்த்திருப்பவர்களும், இந்த ஆண்டு சேர்க்கப் போகிறவர்களும் அவசியம் படிக்க வேண்டும்.

நம் பக்கத்துத் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் தாவரவியல் துறை, பாடத்திட்டத்தை மாற்ற ஒரு முன்மொழிவு தயாரித்திருக்கிறது. அங்கே படித்த என் பழைய மாணவர் ஒருவர் அதை எனக்கு அனுப்பினார். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே காகிதம் பெயர் மட்டும் மாறி வேறு கல்லூரியிலும் வரலாம்.

முன்மொழிவு இதுதான். மூன்றாம் ஆண்டில் தனித் தாளாக இருக்கும் தாவர வகைப்பாட்டியலை இன்னொரு தாளுக்குள் ஒரே ஓர் அலகாகச் சுருக்குவது. அதற்கான செய்முறையைக் குறைப்பது. களப்பயணத்தை 'விருப்பம் உள்ளவர்களுக்கு' என்று ஆக்குவது. காலியாகும் இடத்தில் மெடிக்கல் கோடிங் என்ற தாளை முதன்மைப் பாடமாகவே வைப்பது. காரணமாக இரண்டு வரிகள்: 'மாணவர்களின் பின்னூட்டத்தின் அடிப்படையிலும், வேலை தருவோரின் தேவைக்கு ஏற்பவும்.'

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பின்னூட்டம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு, பாடத்திட்டம் பற்றி மாணவர், ஆசிரியர், வேலை தருவோர், பழைய மாணவர் ஆகிய நான்கு தரப்பிடமும் கருத்துக் கேட்கச் சொல்கிறது. கேட்டதை ஆராய்ந்து, அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று காட்டவும் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நடப்பது என்ன? ஆண்டு முடிவில் ஒரு படிவம். 'பாடத்திட்டம் வேலைவாய்ப்புக்கு உதவுகிறதா?' என்று ஒரு கேள்வி. ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண்ணைச் சுழிக்க வேண்டும். இருபது வயதுப் பிள்ளை, வேலை கிடைக்குமா என்ற பயத்தில் இருக்கிற நேரத்தில், இரண்டைச் சுழிக்கும். அந்த இரண்டுக்கு 'வகைப்பாட்டியலை எடுத்துவிடுங்கள்' என்று பொருளா? களப்பயணம் போகாததைச் சொல்லியிருக்கலாம். ஆய்வகத்தில் பத்து வருடமாகப் ஃபார்மலினில் கிடக்கிற பூவைக் காட்டியதைச் சொல்லியிருக்கலாம். படிவத்தில் காரணம் எழுத இடமே இல்லை. காரணம் கேட்காத பதிலில் துறை தனக்கு வேண்டிய காரணத்தை எழுதிக்கொண்டது.

'வகைப்பாட்டியல் மனப்பாடமாக இருக்கிறது' என்று சில மாணவர்கள் எழுதியிருக்கிறார்களாம். உண்மைதான். பெந்தம் ஹூக்கர் முறையில் குடும்பம் குடும்பமாக ஒப்பிக்க வைத்தால் யாருக்கும் கசக்கும். அதற்கு மருந்து பிள்ளைகளைக் கையில் உருப்பெருக்கியோடு வரப்பில் இறக்கிவிடுவது.

இனி வேலை தருவோர். இணைப்பில் பார்த்தேன். கருத்துத் தந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் வளாக நேர்காணலுக்கு வந்த மெடிக்கல் கோடிங் நிறுவனத்தார்.

அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. என்னிடம் பிளஸ் டூ படித்த பெண்கள் சிலர் திருச்சியிலும் சென்னையிலும் அந்த வேலையில் இருக்கிறார்கள், குடும்பத்தையே தாங்குகிறார்கள். உயிரியல் படித்தவர்களை அந்த நிறுவனங்கள் விரும்பி எடுப்பதும் உண்மை. வேலை இதுதான்: அமெரிக்க மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பைப் படித்து, காப்பீட்டுக் கணக்குக்காக ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது. சிக்கல் எதுவும் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால் E11.9. இதற்கு உடற்கூறு தெரிய வேண்டும், ஆங்கிலம் தெரிய வேண்டும், கவனம் வேண்டும். குறியீட்டுத் தொகுப்பை ஆண்டுதோறும் அக்டோபரில் திருத்துகிறார்கள். நம் கல்லூரியில் ஒரு பாடத்திட்டம் பாடத்திட்டக் குழுவில் நிறைவேறி, அகாடமிக் கவுன்சிலுக்குப் போய், முதலாண்டில் சேர்ந்த பிள்ளை அந்தத் தாளைப் படிக்க மூன்றாம் ஆண்டு ஆகும். அதற்குள் தொகுப்பு பலமுறை திருத்தப்பட்டிருக்கும். அதனால்தான் அந்த நிறுவனங்கள் ஆளை எடுத்த பிறகு தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. அந்தப் பயிற்சிச் செலவில் ஒரு பங்கை நம் பிள்ளைகள் கட்டுகிற கட்டணத்துக்கும், அரசு தருகிற பேராசிரியர் சம்பளத்துக்கும் மாற்றிவிட முடியுமானால் எந்த நிறுவனம் வேண்டாம் என்று சொல்லும்? 'உங்கள் தேவை என்ன?' என்று கேட்டால் அவர்கள் தங்கள் தேவையைத்தான் சொல்வார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அவர்களை மட்டும் கேட்டதுதான் தப்பு.

கேட்காமல் விட்டது யாரை? பேராவூரணிக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள்.

பூச்சிமருந்துக் கடைக்கு உரிமம் வாங்க மத்திய அரசின் விதிப்படி படிப்புத் தகுதி வேண்டும். வேளாண்மைப் பட்டம் இல்லாவிட்டால், வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பாடத்தோடு அறிவியல் பட்டம் இருந்தாலும் போதும். அதாவது ஒரு தாவரவியல் பட்டதாரி நாளைக்கே கடை வைக்கலாம், அல்லது கடைக்காரருக்குத் தகுதியுள்ள ஆளாக வேலைக்குப் போகலாம். இது சட்டமே உண்டாக்கியிருக்கிற வேலை. அந்தக் கல்லூரியின் படிவம் ஒரு மருந்துக் கடைக்காவது போகவில்லை.

அந்தக் கடைக்கு வருகிறவர் என்ன கேட்பார்? நாம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்போதுதான் நமக்குச் சாகுபடி. அதனால் நாற்றங்கால் போட்டு நடாமல் நேரடி விதைப்பு செய்கிறவர்கள் நிறையப் பேர். நட்ட வயலில் நெல் முந்தி நிற்கும், களை பிந்தி முளைக்கும், வரிசையும் இருக்கும், பார்த்தாலே தெரியும். நேரடி விதைப்பில் இரண்டும் ஒரே நாளில் முளைக்கும். குதிரைவாலிப் புல்லும் நெல்லும் மூன்று இலைப் பருவத்தில் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். விவசாயி நாலு பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து, 'ஐயா, இது என்ன களை, எதை அடிக்கிறது?' என்று கேட்பார்.

வகைப்பாட்டியல் செய்முறையை ஒழுங்காகச் செய்த பிள்ளைக்கு அரை நிமிட வேலை. இலையை மெல்ல விலக்கி, இலைத்தாளும் உறையும் சேருகிற கணுவைப் பார்க்கணும். மெல்லிய வெள்ளைச் சவ்வாக நாக்கும், இரு பக்கமும் மயிருள்ள சிறு காது போன்ற பகுதியும் இருந்தால் நெல். இரண்டும் இல்லாமல் வழுவழு என்று இருந்தால் குதிரைவாலி. லிக்யூல், ஆரிக்கிள் என்று பாடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தோமே, அதேதான். அடுத்து தண்டை விரலால் உருட்டிப் பார்க்கணும். மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டு, உள்ளே கெட்டியாக இருந்தால் அது புல்லே இல்லை, கோரை.

இதைத் தெரிந்து என்ன லாபம் என்றால், மருந்து மாறும். 2,4-டி அகலிலைக் களைக்கும் கோரைக்கும் கேட்கும். குதிரைவாலி அதற்கு அசையாது, அதுவும் புல்தானே. குதிரைவாலிக்குப் பிஸ்பைரிபேக் சோடியம் போன்ற வேறு மருந்து வேண்டும், அதையும் களை மூன்று நான்கு இலையில் இருக்கும்போதே அடிக்க வேண்டும். ஆள் மாற்றி மருந்து கொடுத்தால் மருந்துக் காசும் கூலியும் போகும். அதைவிட, தவறு தெரிவதற்குள் களை முற்றிவிடும். அப்புறம் எந்த மருந்தும் சரியாகக் கேட்காது, கைக்களைதான். ஏக்கருக்கு எத்தனை ஆள், இன்றைக்குக் கூலி என்ன என்று உங்களுக்கே தெரியும்.

தென்னைக்கும் இதேதான். 2018 நவம்பரில் கஜா புயல் நம் தோப்புகளைச் சாய்த்த பிறகு எத்தனை பேர் கன்று தேடி அலைந்தோம்! குட்டை ரகத் தாய் மரத்தில் நெட்டை மரத்து மகரந்தம் தூவி எடுத்த கன்றுகளில் தாய் மரம் தானாகவே கருவுற்ற கன்றும் கலந்து வரும். ஆரஞ்சு நிறக் குட்டைத் தாயின் கன்று என்றால் இலைக்காம்பின் நிறம் சொல்லிவிடும். தாயின் ஆரஞ்சு அப்படியே இருந்தால் அது தாய் போலவேதான். பழுப்புக் கலந்திருந்தால் ஒட்டு. நாற்றங்காலிலேயே பார்த்துக் கழிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால், அந்தக் கன்றை நட்டு ஐந்து ஆறு வருடம் காத்திருப்பவருக்கு எவ்வளவு மிச்சம்! நம் வட்டாரத்துத் தென்னை நாற்றங்கால்காரர்கள் 'வேலை தருவோர்' இல்லையா?

மேல்படிப்புக்கும் அரசு வேலைக்கும் இது பாதிக்குமா என்று பெற்றோர் கேட்பீர்கள். முதுகலை ஆசிரியர் தேர்வின் தாவரவியல் பாடத்திட்டத்தில் வகைப்பாட்டியல் இருக்கிறது. அதை எழுதப் போகிற பிள்ளை கல்லூரியில் படிக்காததைத் தனிப் பயிற்சி மையத்தில் காசு கொடுத்துப் படிக்க வேண்டிவரும். 2023-ல் மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது, ஒரே பெயருள்ள பட்டங்களில் உள்ளடக்கம் ஒத்திருக்க வேண்டும் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். தன்னாட்சி பறிபோகிறது என்று கல்லூரிகள் அதை எதிர்த்தன. நானும் எதிர்த்தேன். ஊரின் மண்ணுக்கு ஏற்பப் பாடம் வைக்கத்தான் தன்னாட்சி என்று அன்று வாதாடினோம். அந்தத் தன்னாட்சியை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு நெல் வயலை மறைத்து அமெரிக்கக் காப்பீட்டைக் காட்டுவதா?

மெடிக்கல் கோடிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022-ல் நான் முதல்வன் திட்டம் வந்தபின் கல்லூரிகளில் திறன் பாடத்துக்கென்றே இடம் இருக்கிறது. விருப்பப் பாடத்துக்கும் இடம் இருக்கிறது. அங்கே வைக்கட்டும், வேண்டியவர்கள் படிக்கட்டும். வகைப்பாட்டியல் தாளையும் திருத்தட்டும். மனப்பாடக் குடும்பங்களைப் பாதியாகக் குறைத்து, புல், கோரை, தென்னைக் குடும்பங்களை விரிவாக வைத்து, செய்முறைத் தேர்வை வயலிலேயே நடத்தட்டும். திருச்சி ஜோசப் கல்லூரியில் மேத்யூ பாதிரியார் 1967-ல் தொடங்கிய ரபினா ஹெர்பேரியம் நம் பல்கலைக்கழக எல்லைக்குள்தானே இருக்கிறது! தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களுக்கு அங்கிருந்துதான் பெரிய நூல்தொகுதி வந்தது. ஒரு பேருந்து பிடித்தால் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டிவிடலாம்.

முடிவு இன்னும் ஆகவில்லை. யுஜிசி விதிப்படி தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் துறை ஆசிரியர்களோடு வெளி வல்லுநர்களும், தொழில் துறையிலிருந்து ஒருவரும், முதுகலை முடித்த பழைய மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும். அந்தத் தொழில் துறை ஆள் யார், பழைய மாணவர் யார் என்று கேளுங்கள். அங்கே படித்தவர்கள் கல்லூரி இணையதளத்தில் பழைய மாணவர் பின்னூட்டப் படிவம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைச் சுழிப்பதோடு நிறுத்தாமல் முதல்வருக்கும் துறைத் தலைவருக்கும் காரணத்தோடு கடிதம் எழுதுங்கள். மருந்துக் கடை, நாற்றங்கால் வைத்திருக்கிற தம்பிகள் 'நாங்களும் வேலை தருகிறோம், எங்களையும் கேளுங்கள்' என்று கடையின் லெட்டர்பேடில் நாலு வரி எழுதி அனுப்புங்கள். நகல் ஒன்று எனக்கும் அனுப்பினால் மகிழ்ச்சி. வாட்ஸப்பில் போதும், எண் பழைய எண்தான்.