கமா போட்ட செலவுக் கணக்கு: கூட்டுத்தொகை ஏன் குறைந்தது?

கேள்வி: "எர்ணாவூரில் வீட்டை ஒட்டி இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். என் மகள் கைபேசியில் கூகுள் ஷீட்ஸில் தினசரிச் செலவை எழுதுகிறாள். ஒரு நாளைக்கு ஒரே கட்டம், அதில் எல்லாச் செலவும் கமா போட்டு இருக்கும். அதை ஒரு ஃபார்முலா போட்டுக் கூட்டினோம். வாரம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிஞ்சுவதாகக் காட்டுகிறது. ஆனால், கையில் அவ்வளவு காசு நிற்பதில்லை. இதை நம்பி கடன் வாங்கி மூன்றாவது மாடு பிடிக்கலாமா?"

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய ஒரு வாரக் கணக்கைப் பார்த்தேன். மாடு வாங்குவதைச் சற்று நிறுத்தி வையுங்கள். உங்கள் கை சொல்வதுதான் சரி, கணக்குதான் தவறு. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் மேய்ச்சல் நிலம் கிடையாது. வைக்கோல் முதல் தவிடு வரை எல்லாமே காசு கொடுத்து வாங்குவதுதான். அதனால் செலவில் சிறு பிழை வந்தாலும் லாபம் தலைகீழாகிவிடும்.

உங்கள் மகள் எழுதியது இது:

- திங்கள்: 320, 60, 150
- செவ்வாய்: 320,450
- புதன்: 320, 60
- வியாழன்: 320, 1,200
- வெள்ளி: 320, 60, டாக்டர் 500
- சனி: 320, 90
- ஞாயிறு: 320, 40

தேதி A நெடுவரிசையிலும், செலவு B நெடுவரிசையிலும் இருந்தால், கூட்ட வேண்டிய ஃபார்முலா இது. இதை C2 கட்டத்தில் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்.

```
=SUM(SPLIT(SUBSTITUTE(B2," ",""),","))
```

SUBSTITUTE இடைவெளிகளை நீக்குகிறது. SPLIT கமா இருக்கும் இடமெல்லாம் வெட்டித் தனித்தனி எண்ணாக்குகிறது. SUM அவற்றைக் கூட்டுகிறது. திங்களுக்கு 530 என்று சரியாக வரும். எதுவும் எழுதாத நாளில் #VALUE! என்று பிழை காட்டும். அந்த நாளுக்கு 0 என்று போட்டுவிடுங்கள்.

ஃபார்முலா சரியாக இருந்தும் மூன்று நாளில் கணக்கு கெட்டிருக்கிறது.

முதலாவது செவ்வாய். கமாவுக்குப் பின் இடைவெளி விடாமல் 320,450 என்று எழுதியதும், ஷீட்ஸ் அதை மூன்று லட்சத்து இருபதாயிரத்து நானூற்று ஐம்பது என்ற ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டது. இது பெரிய தொகை என்பதால் நீங்களே கண்டுபிடித்து 770 என்று திருத்திவிட்டீர்கள். இனி வராமலிருக்க, எழுதத் தொடங்கும் முன்பே B நெடுவரிசை முழுவதையும் தேர்வு செய்து Plain text என்று மாற்றிவிடுங்கள். கணினியில் இது Format, அதற்குள் Number என்ற இடத்தில் இருக்கும். C நெடுவரிசையை அப்படி மாற்றக் கூடாது. மாற்றினால் ஃபார்முலா கூட்டாமல் வெறும் எழுத்தாக நிற்கும். ஏற்கெனவே ஒரே எண்ணாகிப்போன கட்டத்தை மீண்டும் எழுதத்தான் வேண்டும். அதை அடையாளம் காண்பது எளிது. எழுத்து கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும்.

இரண்டாவது வியாழன். தவிட்டு மூட்டை 1,200 ரூபாய். ஆயிரத்துக்குப் போட்ட கமாவும் செலவைப் பிரிக்கும் கமாவும் ஃபார்முலாவுக்கு ஒன்றுதான். அது 320, 1, 200 என்று மூன்றாக வெட்டி 521 என்று கூட்டியிருக்கிறது. உண்மையில் 1,520 வர வேண்டும். 999 ரூபாய் காணாமல் போனது. இந்த நெடுவரிசையில் ஆயிரத்தை 1200 என்று கமா இல்லாமல்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது வெள்ளி. 'டாக்டர் 500' என்பதில் எழுத்து கலந்திருப்பதால் SUM அதை எண்ணாகவே மதிக்காது. பிழை என்றும் சொல்லாது, சத்தமில்லாமல் விட்டுவிடும். 880 வர வேண்டிய இடத்தில் 380 வந்தது. இங்கே 500 போனது. இப்படி விடுபட்டதைக் கண்டுபிடிக்க D2 கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=COUNTA(SPLIT(B2,","))-COUNT(SPLIT(B2,","))
```

COUNTA மொத்தம் எத்தனை துண்டு என்றும், COUNT அதில் எத்தனை எண் என்றும் சொல்லும். வித்தியாசம் 0 வந்தால் விடுபட்டது இல்லை. 1 வந்தால் ஒரு செலவு கூட்டலில் சேரவில்லை. ஆனால், வியாழக்கிழமைப் பிழையை இது காட்டாது. அங்கே வெட்டிய மூன்றுமே எண்கள்தான். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இப்போது வாரக் கணக்கைப் பாருங்கள். செவ்வாயைத் திருத்திய பிறகும் உங்கள் தாளில் செலவு 3,351 என்று இருந்தது. 80 லிட்டர் பாலை 56 ரூபாய்க்கு ஊற்றி வந்த வரவு 4,480. அதனால்தான் 1,129 ரூபாய் மிச்சம் என்று தெரிந்தது. விட்டுப்போன 999, 500 இரண்டையும் சேர்த்தால் செலவு 4,850. அதாவது 370 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது.

இதுவும் முழு உண்மை இல்லை. 50 கிலோ தவிட்டு மூட்டை, மாட்டுக்கு இரண்டு கிலோ வீதம் வைத்தால் ஏறக்குறைய 12 நாளைக்கு வரும். ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று வைத்தால், இந்த வாரத்தின் பங்கு 700தான். மீதி 500 அடுத்த வாரக் கணக்கு. அப்படிப் பார்த்தால் செலவு 4,350, மிச்சம் 130 ரூபாய். டாக்டர் செலவு எல்லா வாரமும் வராது என்பதால் ஒரு வாரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால், 130 ரூபாய் மிச்சத்தை நம்பிக் கடன் தவணை கட்ட முடியாது.

பழைய மாதங்களின் கணக்குக்கு மேலே சொன்ன ஃபார்முலா போதும். இனி எழுதப்போவதற்கு கமாவையே விட்டுவிடுங்கள். Plain text ஆக்காத ஒரு புதிய நெடுவரிசையில், அன்றைய கட்டத்திலேயே இப்படி எழுதச் சொல்லுங்கள்:

```
=320+60+500
```

கட்டத்தில் 880 என்று தெரியும். அதைத் தொட்டால் எந்தெந்தச் செலவு என்று பிரித்தும் பார்க்கலாம். தனி ஃபார்முலாவே தேவையில்லை. தவறி 1,200 என்று கமா போட்டாலோ, 'டாக்டர்' என்று எழுதினாலோ கட்டத்தில் உடனே பிழை என்று காட்டும். பேசாமல் குறைத்துக் காட்டும் கணக்கைவிட, நின்று சத்தம் போடும் கணக்கு நல்லது. என்ன செலவு என்ற விவரத்தைப் பக்கத்துக் கட்டத்தில் 'தீவனம், வண்டி, டாக்டர்' என்று எழுதிக்கொள்ளலாம்.

கணினியில் எக்செல் வைத்திருப்பவர்களுக்கு SPLIT கிடையாது. மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் இது வேலை செய்யும்:

```
=SUM(--TEXTSPLIT(B2,","))
```

இதில் எழுத்து கலந்தால் #VALUE! என்று காட்டிவிடும். பழைய எக்செல்லில் TEXTSPLIT இல்லை. அங்கே கூட்டல் குறி போட்டு எழுதும் முறைதான் சுலபம்.

சகோதரி, பழைய மூன்று மாதக் கணக்கில் 1,200 போன்ற கமாக்களை நீக்கி, D நெடுவரிசையில் 0 இல்லாத நாட்களைத் திருத்துங்கள். மூன்று மாத வரவையும் செலவையும் அனுப்புங்கள். மூன்றாவது மாட்டைப் பற்றி அப்போது பேசுவோம்.