'ஆமாம்' எப்போது 'நோ' ஆகிறது?

ஹைதராபாத் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல். "ஹாவன்ட் யூ பீன் டு அமெரிக்கா?" என்று அதிகாரி கேட்பதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்கா போகாத தமிழர் 'யெஸ்' என்கிறார். போயிருக்கிறார் என்று அதிகாரி புரிந்துகொள்கிறார். விண்ணப்பத்திலோ வேறு பதில். சந்தேகம் முளைக்கிறது.

'போனதில்லையா?' என்றால் தமிழர் கேட்டவரின் கணிப்பை ஆமோதிப்பார்: "ஆமாம், போனதில்லை." தெலுங்கின் 'அவுனு'வும் இதே வகை. ஆங்கிலத்தில் கேள்வி எப்படி இருந்தாலும், நடந்திருந்தால் 'யெஸ்', நடக்காவிட்டால் 'நோ'.

எனவே போகாதவர் "நோ, ஐ ஹாவன்ட்" என்பதே சரி. போனவர் தமிழில் "இல்லை, போயிருக்கிறேன்" என்பார், ஆங்கிலத்தில் அது "யெஸ், ஐ ஹாவ்." ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் வினையையும் சேர்த்துச் சொன்னால் குழப்பமில்லை.