பின்னம் திரும்பி வரும்போது எது மாற வேண்டும்?

சுருள்முறைப் பாடத்திட்டம் என்றால் என்ன என்று கேட்டால், ஒரே கருத்தை ஆண்டுதோறும் சற்றுக் கடினமாக்கிக் கற்பிப்பது என்றே பெரும்பாலும் விடை வருகிறது. 1960இல் வெளிவந்த ‘கல்வியின் செயல்முறை’ என்னும் நூலில் ஜெரோம் புரூனர் முன்வைத்த கருத்து இதனினும் ஆழமானது. ஒரு துறையின் அடிப்படைக் கருத்தை எவ்வயதினருக்கும் அவ்வயதுக்கேற்ற வடிவில், உண்மை கெடாமல் கற்பிக்கலாம் என்றார் அவர். பின்னர் அதற்கே மீண்டும் மீண்டும் திரும்பும்போது புரிதலின் வடிவமே வளர வேண்டும். கணக்குகள் பெரிதாவது மட்டும் வளர்ச்சி ஆகாது. இவ்வேறுபாட்டைப் பின்னப் பாடத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டி வந்த என்.சி.இ.ஆர்.டி. கணக்கு நூல்களை நோக்குங்கள். நான்காம் வகுப்பில் அரையும் காலும் வருகின்றன. ஆறாம் வகுப்பில் பின்னம் எண்கோட்டில் ஏறுகிறது. ஏழாம் வகுப்பில் பின்னங்களைப் பெருக்கவும் வகுக்கவும் வேண்டும். அதே வகுப்பிலேயே அது விகிதமுறு எண் என்னும் பெருங்குடும்பத்தின் உறுப்பாகிறது. வரிசையில் குறையில்லை. ஆயினும் இந்தச் சுருள் பெரும்பாலும் அறுந்துபோவது ஆறாம் வகுப்பில் என்பது என் கருத்து.

நான்காம் வகுப்பில் 3/4 என்பது ஒரு படம். ஒரு தாளை நான்காக மடித்து மூன்று பகுதிகளுக்கு நிறம் தீட்டுகிறோம். அந்த வயதுக்கு இது உண்மையான, போதுமான விளக்கம். ஆனால் 7/4 வந்ததும் படம் உடைகிறது. நான்கு பகுதிகளில் ஏழுக்கு எப்படி நிறம் தீட்டுவது? பின்னம் ஒரு பொருளின் துண்டு என்ற நிலையிலிருந்து, 1, 2, 3 போலத் தானும் ஓர் எண் என்ற நிலைக்கு மாணவர் வந்தாக வேண்டிய இடம் இது. வந்தாரா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 0 முதல் 4 வரை உள்ள எண்கோட்டில் 3/4ஐக் குறிக்கச் சொல்லுங்கள். சிலர் 3 இருக்கும் இடத்தில் புள்ளி வைப்பார்கள். அது கவனக்குறைவு அன்று. முழுக்கோட்டையும் ஒரு தாளாகக் கொண்டு, நான்கில் மூன்று பங்கைச் சரியாகவே அளந்திருக்கிறார்கள். கோட்டின் நீளம் எதுவாயினும் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தொலைவே அலகு என்பது மட்டும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

மொழியியல் பயின்றவள் என்ற முறையில் இங்கே ஒன்றைக் கவனிக்கிறேன். 3/4ஐ ‘நான்கில் மூன்று’ என்று படிக்கும்போது முழுமையும் பங்கும் நம் சொல்லிலேயே அமர்ந்துவிடுகின்றன. ‘நான்கில் ஏழு’ என்பது காதுக்கே பொருந்தவில்லை. ‘ஏழின் கீழ் நான்கு’ என்பதோ எழுதும் முறையை மட்டும் சொல்கிறது. இந்தியில் ‘சாத் பட்டா சார்’ என்னும்போது பங்கிடுதல், அதாவது வகுத்தல், என்ற பொருள் சொல்லுக்குள் இருக்கிறது. ஏழை நான்காகப் பங்கிடுவதில் முரண் எதுவும் இல்லை.

தமிழிலும் பாலம் உண்டு. ‘முக்கால்’ என்பதே மூன்று கால். கால் என்பதை ஓர் அலகாக்கி எண்ணிக்கொண்டே போகலாம்: இரண்டு கால் அரை, மூன்று கால் முக்கால், நான்கு கால் ஒன்று, ஐந்து கால் ஒன்றேகால், ஏழு கால் ஒன்றேமுக்கால். எண்கோட்டில் 1/4 அளவில் ஏழு முறை தாவினால் 7/4 வந்துவிடும். நான்காம் வகுப்பில் பேச்சுச் சொல்லாக இருந்த ‘கால்’ ஆறாம் வகுப்பில் அளக்கும் கோலாகிறது. பழைய அறிவு தள்ளப்படவில்லை. வேறு பணிக்கு மாறியிருக்கிறது. சுருள் என்பது இதுதான்.

இந்தப் படியைத் தாண்டாதவருக்கு ஏழாம் வகுப்பில் 3/4 ÷ 1/8 வெறும் மந்திரம். தலைகீழாக்கிப் பெருக்கினால் 6. வகுத்த பின் விடை ஏன் 3/4ஐ விடப் பெரிதாயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அலகாக எண்ணத் தெரிந்தவரோ, 3/4இல் அரைக்கால்கள் ஆறு இருக்கின்றன என்று விதி இல்லாமலே சொல்வார்.

ஆகவே ஒவ்வொரு வகுப்பிலும் பின்னப் பாடம், முந்தைய ஆண்டின் விளக்கம் விடை தர முடியாத ஒரு கேள்வியோடு தொடங்க வேண்டும் என்பேன். நடைமுறையில், முன்வகுப்பில் என்ன விளக்கம் தரப்பட்டது என்பதை அறிய வாய்ப்பில்லாத ஆசிரியர், நிறம் தீட்டும் படத்திலிருந்தே மீண்டும் தொடங்கி, நேரம் தீர்ந்ததும் விதிக்குத் தாவுகிறார். அப்போது பாடநூலில் சுருள் இருக்கும். வகுப்பறையில் அதே வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். நான்காம் வகுப்பு ஆசிரியரும் ஆறாம் வகுப்பு ஆசிரியரும் ஒருவர் மற்றவரின் நூலைப் படித்திருக்கிறார்களா என்பதைக் கேட்காமல், சுருள்முறையைப் பின்பற்றுகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.