714 ரூபாயும் 36 லட்சமும்

புதிதாக லைசென்ஸ் எடுத்த ஒரு பையனிடமோ பெண்ணிடமோ, வண்டி ஓட்டுகிறவரிடம் சட்டம் என்ன எதிர்பார்க்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஹெல்மெட், சிக்னல், மூன்று பேர் போகக் கூடாது, குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எல்லாமே போலீஸ் கைகாட்டி நிறுத்தினால் கட்ட வேண்டிய அபராதம் சம்பந்தப்பட்டவை. இன்ஷூரன்ஸும் அவர்கள் கணக்கில் அப்படி ஒரு அபராதம்தான். அது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-வது பிரிவு. நினைவில் நிற்பது அந்த 2,000 ரூபாய் மட்டும்.

அபராதம் அரசுக்குப் போகிற பணம். கட்டினால் விஷயம் முடிந்தது. உங்கள் வண்டி மோதி ஒருவர் இறந்தாலோ கால் போனாலோ அவருக்கு அல்லது அவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீடு வேறு. போலீஸ் போடும் வழக்கிலிருந்து அது தனி. ஜாமீன் கிடைத்துவிட்டது, இனி பயமில்லை என்று வீட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வரும். அங்கே போடப்படும் இழப்பீட்டு மனுவை வக்கீல்கள் எம்.சி.ஓ.பி. என்பார்கள். அந்த மனுவில் ஓட்டியவர், ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர், இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகியோர் எதிர்மனுதாரர்களாக இருப்பார்கள். எல்.எல்.ஆர். தேர்விலோ எட்டு போடும் மைதானத்திலோ ஷோரூமிலோ இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

எவ்வளவு பணம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 38 வயதுக் கொத்தனார் ஒருவர் சாலையைக் கடக்கிறார், பைக் மோதி இறக்கிறார் என்று வையுங்கள். மாதம் 18,000 ரூபாய் சம்பாத்தியம். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். சுயமாகச் சம்பாதிப்பவர், வயது 40-க்குள் என்பதால், பிற்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்று அதோடு 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்த முறை. அப்போது மாதம் 25,200 ஆகிறது. நம்பியிருப்பவர்கள் நான்கு பேர் என்பதால், அவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடிய கால் பங்கைக் கழிக்கிறார்கள். மீதி 18,900. ஆண்டுக்கு 2,26,800. இதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அந்த அட்டவணையை 2009-இல் சரளா வர்மா வழக்கு நிர்ணயித்தது. 36 முதல் 40 வயதுவரை உள்ளவருக்கு 15. ஆக, 34,02,000 ரூபாய். ஈமச் செலவுக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவரின் இழப்புக்கும் எனத் தனித்தனியே சேர்வதைக் கூட்டினால் ஏறக்குறைய 36 லட்சம். மனு போட்ட நாளிலிருந்து வட்டி தனி.

இந்தத் தொகையிலிருந்து உங்களைக் காப்பது தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் ஒன்றுதான். இறப்புக்கும் காயத்துக்கும் அதில் உச்சவரம்பு கிடையாது. 36 லட்சமானாலும் ஒரு கோடியானாலும் கம்பெனி கட்டும். (எதிராளியின் காரையோ கடைக் கதவையோ உடைத்தால் மட்டும் இருசக்கர வாகனத்துக்கு ஒரு லட்சம் வரைதான்.) 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 75-க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள வண்டிக்கு இதற்கான ஆண்டு பிரீமியம் 714 ரூபாய், வரி தனி. ஏறக்குறைய ஒரு தடவை ஃபுல் டேங்க் அடிக்க ஆகும் செலவுதான். இதைக் கட்டாமல் விடுபவர்கள் யாரும் பணமில்லாமல் விடுவதில்லை. தேதி மறந்துபோகிறது, அவ்வளவே.

மறந்துபோக வைப்பதில் நல்லெண்ணத்தோடு வந்த ஒரு மாற்றத்துக்கும் பங்கு உண்டு. கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஐந்து ஆண்டு எதையும் புதுப்பிக்காமல் ஓட்டிப் பழகியவருக்கு ஆறாவது ஆண்டில் தேதி எப்படி நினைவுக்கு வரும்? வண்டி வாங்கும்போது அப்பா கொடுத்த செல்போன் எண்ணுக்கு நினைவூட்டல் போயிருக்கும், அவர் எண்ணை மாற்றியிருப்பார். விபத்து நடந்த இடத்திலேயே செல்போனில் பாலிசி எடுத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பாலிசியில் தொடங்கும் நேரமும் அச்சாகியிருக்கும். அந்த நேரத்துக்கு முன்னால் நடந்ததற்குக் கம்பெனி பொறுப்பாகாது.

பாலிசியே இல்லாவிட்டால் 36 லட்சமும் ஓட்டியவர், உரிமையாளர் தலையில் விழும். தராவிட்டால், நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கும்படி மாவட்ட ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பச் சட்டத்தின் 174-வது பிரிவு தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. எனக்குத்தான் சொத்தே இல்லையே என்று 19 வயதுக்காரர் நினைக்கலாம். வண்டி அப்பா பெயரில் இருந்தால் வீடும் நிலமும் அப்பாவுடையவை. உங்கள் பெயரிலேயே இருந்தாலும் சிவில் தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோர 12 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குள் நீங்கள் வேலைக்குப் போயிருப்பீர்கள்.

பாலிசி இருந்தும் மாட்டிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. இங்கே லைசென்ஸ் விஷயம் குறுக்கே வருகிறது. 16 வயது முடிந்தவர்களுக்கு 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு லைசென்ஸ் தரலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட பெட்ரோல் வண்டி இன்று ஷோரூமில் அநேகமாக இல்லை. ஆனாலும் அந்த லைசென்ஸை எடுத்துக்கொண்டு 110 சி.சி. ஸ்கூட்டரில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். ‘லைசென்ஸ் இருக்கிறதே’ என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அந்த வண்டிக்கு அந்தப் பிள்ளையிடம் லைசென்ஸ் இல்லை. கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸோடு கியர் பைக் ஓட்டுகிற 20 வயதுக்காரரின் நிலையும் அதுதான். எல்.எல்.ஆர். காலத்தில் நண்பனைப் பின்னால் ஏற்றிச் சுற்றுவதும் விதிமீறல். கற்றுக்கொடுப்பதற்காக லைசென்ஸ் உள்ளவர் உட்காரலாமே தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது.

இப்படிப்பட்ட நிலையில் என்ன ஆகும்? 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. பாதிக்கப்பட்டவர் ஏமாந்துபோகக் கூடாது, எனவே கம்பெனி முதலில் அவருக்குப் பணத்தைக் கட்டட்டும். உரிமையாளர் தெரிந்தே லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபித்தால் அவரிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இது நியாயம். வண்டிக்காரருக்கோ, பிரீமியம் கட்டியும் கட்டாத கதைதான். சிறார் என்றால் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவும் சேர்ந்துகொள்ளும். பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

புதிதாக ஓட்டுகிறவர் கட்டாயம் அறிய வேண்டியதும் கிட்டத்தட்ட யாருமே அறியாததுமான விஷயம், பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது. சாலையில் நடந்து போகிறவர் தேர்ட் பார்ட்டி. எதிரே வருகிறவரும் அப்படியே. உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வரும் நண்பன்? வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் பின்னிருக்கைக்காரர் அடங்கமாட்டார் என்று 2006-இல் திலக் சிங் வழக்கிலும் 2008-இல் சுதாகரன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் அவர் அடங்குவார் என்பது 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் தெளிவானது.

இதைப் புது வண்டிக்காரரின் கையிலுள்ள பாலிசியோடு பொருத்திப் பாருங்கள். ஷோரூமில் பெரும்பாலும் தருவது ‘ஒன்று, ஐந்து’ வகை. சொந்த வண்டிக்கான சேதத்துக்கு ஓராண்டு, தேர்ட் பார்ட்டிக்கு ஐந்தாண்டு. முதல் ஆண்டு அது பேக்கேஜ். ஓராண்டு முடிந்ததும் சேதப் பகுதியைப் புதுப்பிக்காமல் விட்டால் கையில் மிஞ்சுவது வெறும் தேர்ட் பார்ட்டி. போலீஸ் கேட்டால் காட்டலாம், அபராதம் விழாது. ஆனால் அன்றிலிருந்து பின்னால் உட்காரும் மனைவிக்கோ வகுப்புத் தோழனுக்கோ அந்தப் பாலிசியில் இடமில்லை. உங்கள் தவறால் வண்டி சாய்ந்து அவர் படுகாயமடைந்தால், அவருடைய இழப்பீட்டு மனுவுக்கு நீங்களே கைப்பணத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். இருசக்கர வாகனம் என்பது குடும்பமே ஏறிப் போகும் வாகனமாக இருக்கிற நாட்டில், பின்னிருக்கையைக் கட்டாய இன்ஷூரன்ஸுக்கு வெளியே விட்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை. பிரீமியத்தைச் சற்றுக் கூட்டியாவது சட்டத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். 2019-இல் சட்டத்தைப் பெரிய அளவில் திருத்தியபோது அபராதங்களைக் கூட்டுவதில் காட்டிய அக்கறையில் கொஞ்சம் இதற்கும் காட்டியிருக்கலாம். அதுவரை, பாலிசி அட்டவணையில் பின்னிருக்கை பயணிக்குப் பிரீமியம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை.

விபத்து நடந்த பிறகு செய்ய வேண்டியதையும் 134-வது பிரிவு எழுதி வைத்திருக்கிறது. காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தாலோ கைமீறிய வேறு காரணத்தாலோ அது முடியாதென்றால் மட்டும் விலக்கு. அப்போதும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். பாலிசி எண், அது செல்லுபடியாகும் காலம், விபத்தின் தேதி, நேரம், இடம், காயமடைந்தவர் விவரம், ஓட்டியவரின் பெயர், லைசென்ஸ் விவரம், இவ்வளவு போதும். ‘ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் இறங்கும்போது இந்தக் கடிதம் போகாது. சமாதானம் முறிந்து மனு வரும்போது கம்பெனிக்கு அதுதான் முதல் தகவலாக இருக்கும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றாமலே ஓட்டுவது நம்மிடம் சகஜம். 2018-இல் நவீன் குமார் வழக்கில், பல கை மாறிப்போன ஒரு வண்டி விபத்தில் சிக்கியது. இழப்பீட்டுக்குப் பொறுப்பு, ஆர்.சி.யில் பெயர் உள்ள பழைய உரிமையாளரே என்றது உச்ச நீதிமன்றம். எனவே விற்கிறவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்குகிறவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவரைக் கேட்டால், ‘அதெல்லாம் புரோக்கர் பார்த்துக்கொள்வார்’ என்பார். சாவியை வாங்கும் அன்றே இருவரும் சேர்ந்து ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்வருவது நல்லது. புரோக்கரை நம்பி விட்டவர்களின் பெயர்தான் எதிர்மனுதாரர் பட்டியலில் வருகிறது.