யாருக்கு வியாதியோ அவருக்குத்தான் கடைசியில் தெரியணுமா?

ஒரகடத்துல வேலை பாக்குற நண்பருக்கு ஆறாத வாய்ப்புண். பயாப்சி ரிசல்ட் வந்ததும் டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, "கேன்சர். அவர்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னார். காஞ்சிபுரம் காரப்பேட்டையில அண்ணா புற்றுநோய் மருத்துவமனை போர்டைப் படிச்சுதான் நண்பர் தெரிஞ்சுக்கிட்டார். இதுக்குப் பேரு கருணையாம்!

சொல்ற முறையை 2000லயே பெய்லி, பக்மன் குழு 'ஸ்பைக்ஸ்'னு ஆறு படியா எழுதி வச்சிருக்குங்க. நம்ம ஊர்ப் பேச்சுல இப்படி வரும்:

"உக்காருங்க. இந்த டெஸ்ட் எதுக்குன்னு நினைக்கிறீங்க?" அவர் பேசட்டும்.

"விவரத்தை உங்ககிட்டயே சொல்லட்டுமா, வீட்ல யாரும் கூட இருக்கணுமா?" முடிவு அவரோடது.

"ரிசல்ட் நல்லபடியா வரலை." கொஞ்சம் நிறுத்தணும். "இது புற்றுநோய்." 'கட்டி'ன்னு மழுப்பக் கூடாது.

அப்புறம் வாயை மூடணும். அவரே பேசுற வரைக்கும். அந்த நேரத்துல ஸ்டேஜ், கீமோன்னு கொட்டினா ஒண்ணும் மண்டையில ஏறாது.

"பயமாத்தான் இருக்கும். அடுத்து ஸ்கேன். அதைப் பாத்துட்டு என்ன வைத்தியம்னு சேர்ந்து முடிவு பண்ணலாம்." தேதி, இடம், எடுத்துட்டு வர வேண்டிய இஎஸ்ஐ கார்டு, எல்லாம் சீட்டுல எழுதித் தரணும்.

கடைசியா, "வீட்ல இதை எப்படிச் சொல்வீங்க?" புரிஞ்சுதான்னு அந்தப் பதில்லயே தெரிஞ்சுடும்.

"வெளியில கூட்டம், நேரமில்லை"ம்பாங்க. என்கிட்ட ரகசியம் பேச மட்டும் நேரம் இருந்துச்சே சார்?